மெடிக்கல் ஷாப் வாட்ஸ்அப்ல ஆர்டர் பாக்குற தம்பி தங்கச்சிகளுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம். நானும் மெடிக்கல்ல கவுண்டர்ல நின்ன ஆள்தான், அந்த உரிமையில எழுதுறேன்.

உங்களுக்கு வர்ற மெசேஜ்ல பாதி பேர் இப்ப டைப் பண்றதே இல்ல. கீபோர்டுல மைக்கை அமுக்கிட்டு பேசிடுறாங்க, அதுவும் கண்ணு மங்கலான, விரல் நடுங்குற வயசானவங்க. அந்த மெசேஜை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து ஸ்டாஃப் க்ரூப்ல போட்டு சிரிக்கிறதும், "ஒழுங்கா டைப் பண்ணி அனுப்புங்க"ன்னு பதில் போடுறதும் நடக்குது. சிரிங்க, ஆனா முதல்ல அது பேசி வந்த மெசேஜ்னு கண்டுபிடிங்க, ஏன்னா கண்டுபிடிச்சாத்தான் அதைப் படிக்கவே முடியும்.

எப்படி தெரியும்? கையால டைப் பண்ணா தப்பு எழுத்துல இருக்கும், "மத்திரை", "மாத்திர்ரை"ன்னு அகராதியிலேயே இல்லாத வார்த்தையா வரும். வாய்ஸ் டைப்பிங் பெரும்பாலும் அப்படி பண்ணாது, அது தனக்குத் தெரிஞ்ச வார்த்தைகள்ல இருந்து காதுக்கு கிட்ட இருக்கிறதை எடுத்துப் போடும். அதனால ஸ்பெல்லிங் சுத்தமா இருக்கும், வார்த்தைதான் வேற. "அரை மாத்திரை"ங்கிறது "அறை மாத்திரை"ன்னு வரும். மருந்து பேரு அதுக்குத் தெரியலைன்னா துண்டு துண்டா உடைச்சிடும். புள்ளி கமா இல்லாம ஒரே மூச்சுல ஓடும், நடுவுல "ஏய் குக்கரை நிறுத்து"ன்னு வீட்டு பேச்சும் கலந்திருக்கும். புள்ளி இல்லைங்கிறத மட்டும் வச்சு முடிவு பண்ணாதீங்க, நம்ம ஆளுங்க கையால அடிச்சாலும் புள்ளி வைக்கிறதில்ல. புள்ளியும் இல்ல, எழுத்துப்பிழையும் இல்ல, அர்த்தம் மட்டும் இல்ல, இந்த மூணும் சேர்ந்து வந்தா அது மைக்.

இந்த மாதிரி ஒண்ணு வருதுன்னு வைங்க:

"தம்பி சக்கரை மாத்திரை தீந்து போச்சு மெட்டு பார்மின் 502 அட்டை அப்புறம் அம்மா லோடு பைன் 5 ஒரு அட்டை காலைல அறை தான் போடுறேன் ஏய் கதவ சாத்து சாயந்திரம் அனுப்பு"

கண்ணால படிக்காதீங்க, வாய்விட்டு படிங்க. மெட்டு பார்மின், மெட்ஃபார்மின். அம்மா லோடு பைன், ஆம்லோடிபைன். காலைல அரை. சரி, 502? மெட்ஃபார்மின்ல 500 இருக்கு, 850 இருக்கு, 1000 இருக்கு, 502 கிடையாது. அவங்க சொன்னது "ஐநூறு, ரெண்டு அட்டை". நடுவுல விட்ட மூச்சு மைக்குக்குத் தெரியல, ரெண்டு நம்பரையும் ஒட்டிடுச்சு. டெல்மிசார்டன் 42னு வந்தாலும் இதே கதைதான், 40ல ரெண்டு அட்டை.

இது சுலபமான கேஸ், ஏன்னா ஒட்டின நம்பர்ல ஒரு மாத்திரையே இல்ல. பயப்பட வேண்டியது ஒட்டின நம்பர்லயும் மாத்திரை இருக்கிறப்ப. "தைராய்டு மாத்திரை 125"ன்னு வந்தா என்ன எடுப்பீங்க? லெவோதைராக்ஸின் 125 மைக்ரோகிராம் நிஜமாவே இருக்கு. ஆனா 100 ஒண்ணும் 25 ஒண்ணும் சேர்த்துப் போடுறவங்களும் இருக்காங்க, அவங்க "நூறு, இருபத்தஞ்சு"ன்னு சொன்னாலும் 125னு வந்து நிக்கலாம். மெசேஜை எத்தனை தடவ படிச்சாலும் இதுக்கு விடை கிடைக்காது. பழைய பில்லையும் டாக்டர் சீட்டையும்தான் பாக்கணும். மருந்து பேருலயும் அப்படித்தான், ஆம்லோடிபைன், அமிலோரைட் ரெண்டும் காதுக்கு கிட்டக்கிட்ட இருக்கு, ரெண்டும் நிஜ மருந்து, அதனால "பேரு சரியா வந்திருக்கே"ன்னு நம்பி எடுத்துடாதீங்க.

அடுத்தது திருப்பிக் கேக்குற விதம். "502ஆ?"ன்னு கேட்டா அந்தம்மா மறுபடி மைக்கை அமுக்கி "ஆமா ஐநூறு ரெண்டு"ன்னு சொல்வாங்க, மறுபடி 502ன்னே வரும், நீங்க கடுப்பாவீங்க, அவங்களும் கடுப்பாவாங்க. பதிலும் அதே மைக் வழியாத்தான வருது. அதனால கேள்வியைப் பிரிங்க. "மெட்ஃபார்மின் எத்தனை அட்டை வேணும்?" இது ஒரு மெசேஜ். பதில் வந்தப்புறம் "அட்டைல என்ன நம்பர் போட்டிருக்கு?" இது தனி மெசேஜ். அதுவும் சரியா வரலைன்னா காலி அட்டையை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க, இல்ல வாய்ஸ் நோட் போடச் சொல்லுங்க. வாய்ஸ் நோட்ல அவங்க எங்க மூச்சு விட்டாங்கன்னு உங்க காதுக்கே கேக்கும், கீபோர்டு தூக்கிப் போட்டதே அதைத்தானே.

ஓனர்கள் யாராவது படிச்சா ஒண்ணே ஒண்ணு: பில் போடுற பையனுக்கு ஒரு ஆர்டருக்கு அரை நிமிஷம் கூட குடுங்க. "சீக்கிரம் சீக்கிரம்"னு பின்னாடி நின்னா அவன் 125ஐ 125ன்னேதான் எடுப்பான்.