ஒரு லோடு துணி காய எத்தனை ரூபாய்?

விருதுநகர்

அன்புள்ள மகள் தேன்மொழிக்கு,

இங்கு நானும் அப்பாவும் நலம். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மின்கட்டணம் இந்த முறை இவ்வளவு ஏறியதற்கு டிரையர்தான் காரணமா என்று தொலைபேசியில் கேட்டாய். குழந்தை அழுததால் பேச்சு பாதியில் நின்றுவிட்டது. அது இரண்டு வரியில் சொல்லி முடிக்கிற விஷயமும் அல்ல. கார்த்திகை மழையில் உன் வீட்டில் தங்கியிருந்தபோது நான் குறித்துவைத்த எண்கள் என் பழைய நோட்டில் இருக்கின்றன. முப்பது ஆண்டுகள் இயற்பியல் நடத்தியவளின் கை சும்மா இருக்காது என்று மாப்பிள்ளை கேலி செய்தாரே, அதே நோட்டுதான்.

பயணப் பெட்டியை எடைபோட நீ வைத்திருக்கும் கைத்தராசில் பிளாஸ்டிக் வாளியை மாட்டி, ஒரு லோடு துணியைத் துவைப்பதற்கு முன்பு எடை பார்த்தேன். ஒரு போர்வை, இரண்டு துண்டு, மாப்பிள்ளையின் சட்டைகள், குழந்தையின் துணிகள் எல்லாம் சேர்ந்து, வாளியின் எடையைக் கழித்தால் சரியாக 4 கிலோ. துவைத்து ஸ்பின் முடிந்து வெளியே எடுத்தபோது அதுவே 6.8 கிலோவாக இருந்தது. அப்படியானால், கையில் பிழிந்தால் ஒரு சொட்டுக்கூட விழாத அந்தத் துணிக்குள் 2.8 கிலோ தண்ணீர் ஒளிந்திருந்தது. துணி காய்வது என்றால் இந்த 2.8 கிலோவும் ஆவியாகிப் போவதுதான். வெயிலானாலும் டிரையரானாலும் செய்ய வேண்டிய வேலை இது ஒன்றே.

சாதாரண வெப்பநிலையில் ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க ஏறத்தாழ 24 லட்சம் ஜூல் வெப்பம் வேண்டும். மின்வாரியக் கணக்கில் ஒரு யூனிட் என்பது 36 லட்சம் ஜூல். ஆகவே ஒரு கிலோ தண்ணீருக்கு மூன்றில் இரண்டு பங்கு யூனிட் என்று வைத்துக்கொண்டால், உன் லோடுக்குக் கணக்குப்படி 1.9 யூனிட் போதும். ஆனால் காற்றைச் சூடாக்கி, துணியின் ஊடே செலுத்தி, சூடு முழுதும் ஆறுவதற்குள் குழாய் வழியாக வெளியே தள்ளிவிடும் உன் வீட்டு டிரையர் போன்ற இயந்திரத்தில், டிரம்மும் துணியும் சூடேறுவதற்கும் வெளியேறும் காற்றோடு போவதற்கும் கிலோவுக்கு இன்னும் மூன்றில் ஒரு பங்கு யூனிட் கூடுதலாகத் தேவைப்படும். ஒரு கிலோ தண்ணீருக்கு ஒரு யூனிட் என்று நினைவில் வைத்துக்கொண்டால் பெரிய பிழை வராது.

இதை நம் கண்ணாலேயே பார்க்க முடிந்தது. மீட்டரின் முகப்பில் 1600 imp/kWh என்று அச்சிட்டிருக்கிறது. அதிலுள்ள சிவப்பு விளக்கு 1600 தடவை மினுக்கினால் ஒரு யூனிட் ஓடியதாகப் பொருள். ஃபிரிட்ஜையும் ஏசியையும் அணைத்துவிட்டு டிரையரை மட்டும் ஓடவிட்டு எண்ணினேன். நிமிடத்துக்கு 56 மினுக்கல். அறுபதால் பெருக்கி 1600-ஆல் வகுத்தால் 2.1 கிலோவாட். துணி காய்ந்து முடிந்தபோது மீட்டரில் 3 யூனிட் ஏறியிருந்தது.

மறுவாரம் ஏறக்குறைய அதே துணிகளுக்கு ஒரு சோதனை செய்தேன். சட்டை கசங்கும் என்று பயந்து வாஷிங் மெஷினின் ஸ்பின் வேகத்தை நீ 800 சுற்றில் வைத்திருந்தாய். துவைத்து முடிந்த துணியை எடுக்காமல் 1400 சுற்றில் ஸ்பின் மட்டும் இன்னொரு முறை ஓடவிட்டேன். பத்து நிமிடம் ஆனது, மீட்டரில் கடைசி இலக்கம் ஒன்றுகூட முழுதாக நகரவில்லை. துணியின் எடை 6.1 கிலோவுக்கு இறங்கியிருந்தது. 700 கிராம் தண்ணீர், ஆவியாகாமல், தண்ணீராகவே சாக்கடைக்குப் போய்விட்டது. அதன்பின் டிரையருக்கு ஆன செலவு 2.3 யூனிட். தண்ணீரைச் சுழற்றி வெளியேற்றுவதற்கும் சூடாக்கி வெளியேற்றுவதற்கும் உள்ள வேறுபாட்டை வகுப்பில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். ஒரு வாளியை வைத்து இவ்வளவு தெளிவாகக் காட்டியதில்லை. சட்டைகளை மட்டும் தனியாக 800-இல் ஓட்டு. துண்டு, போர்வை, குழந்தைத் துணிகள் எல்லாம் 1400-இல் ஓடட்டும்.

இனி ரூபாய்க் கணக்கு. “ஒரு லோடுக்குப் பத்துப் பன்னிரண்டு ரூபாய்தானே அத்தை ஆகும்” என்று மாப்பிள்ளை சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. மொத்தக் கட்டணத்தை மொத்த யூனிட்டால் வகுத்து, யூனிட்டுக்கு நான்கு ரூபாய் என்று அவர் எடுத்துக்கொண்டார். படித்தவர்கள் பலரும் செய்கிற தவறு இது. டிரையர் வருவதற்கு முன்பும் உன் வீட்டில் இரண்டு மாதத்துக்கு 480 யூனிட் ஓடிக்கொண்டிருந்தது. டிரையரின் யூனிட்டுகள் அந்த 480-க்கு மேலே போய் உட்காருகின்றன. நம் மாநிலத்து வீட்டுக் கட்டணத்தில் மேலே போகப் போக விலை ஏறும். ஆகவே கடைசியில் சேரும் யூனிட்டுகளின் விலையைத்தான் டிரையரின் கணக்கில் எழுத வேண்டும்.

வாரத்துக்கு ஐந்து லோடு என்றால் அறுபது நாளில் 43 லோடு. லோடுக்கு 3 யூனிட் வீதம் 129 யூனிட். 480 என்பது 609 ஆகிறது. இதில் 500 வரையுள்ள 20 யூனிட்டுக்கு 6 ரூபாய்க்கு மேல்; அடுத்த நூறுக்கு 8 ரூபாய்க்கு மேல்; மிச்சம் ஒன்பதுக்கு 9 ரூபாய்க்கு மேல். இதோடு யாரும் கவனிக்காத ஒன்று இருக்கிறது. 500 யூனிட்டுக்குள் நிற்பவர்களுக்கு 101 முதல் 200 வரையுள்ள யூனிட்டுகள் பாதி விலைக்குக் கிடைக்கின்றன. 500-ஐ ஒரே ஒரு யூனிட் தாண்டினாலும் அந்தச் சலுகை முழுவதும் போய், கீழே இருக்கும் அந்த நூறு யூனிட்டுக்கும் முழு விலை கட்ட வேண்டியதாகிறது. அதனால் மட்டும் 225 ரூபாய்க்கு மேல் கூடும். பைசாக்களை விட்டுவிட்டு முழு ரூபாயில் கூட்டினால் 120, 800, 81, 225 என 1226 ரூபாய். 43-ஆல் வகுத்துப் பார். ஒரு லோடுக்கு 28 ரூபாய்க்குக் குறையவில்லை. இதே டிரையர் இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் ஓடும் எங்கள் வீட்டில் இருந்திருந்தால் ஒரு லோடு பதினைந்து ரூபாய் அளவில் முடிந்திருக்கும். இயந்திரம் ஒன்றுதான், எந்த வீட்டின் மீட்டரில் ஓடுகிறது என்பதைப் பொறுத்து அதன் விலை மாறுகிறது.

இன்னொரு செலவு ஏசியின் கணக்கில் மறைந்துகொண்டிருக்கிறது. டிரையரின் குழாய்க்குச் சரியான வழி இல்லாமல், அதன் வாயை யுட்டிலிட்டியின் ஜன்னலோரம் சும்மா சாய்த்து வைத்திருக்கிறீர்கள். ஹாலின் கதவு திறந்திருந்தால் அந்தச் சூடும் ஈரமும் உள்ளேதான் வருகின்றன. 3 யூனிட் வெப்பத்தை மீண்டும் வெளியேற்ற உன் ஏசி ஏறத்தாழ 1 யூனிட் செலவழிக்கும். குழாயை ஜன்னல் கம்பிக்கு வெளியே நீட்டிக் கட்டச் சொல். நான் இருந்தபோது ஒரு நாள் இரண்டு மணி நேரம் ஓடியும் துணி சுடச்சுட, ஆனால் ஈரமாகவே இருந்ததே, அது ஹீட்டரின் கோளாறு அன்று. வடிகட்டியில் போர்வைப் பஞ்சு கம்பளி போலப் படிந்து காற்றை அடைத்துவிட்டது. துணி சூடாக இருந்தும் காயவில்லை என்றால் முதலில் அந்த வலையைக் கழற்றிப் பார்.

வெயிலைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. சித்திரையில் இங்கே ஒரு துண்டு ஒரு மணி நேரத்தில் அப்பளமாகிவிடும். வெயில் உச்சியில் இருக்கும்போது ஒரு சதுர மீட்டரில் ஏறத்தாழ ஒரு கிலோவாட் விழுகிறது. விரித்துப்போட்ட உன் போர்வை ஒன்றே மூன்று சதுர மீட்டர் இருக்கும். ஹீட்டரின் வேலையை வெயிலும், மின்விசிறியின் வேலையைக் காற்றும் செய்கின்றன. செலவு என்று பார்த்தால் கயிறும் கிளிப்பும், மாடிக்கு ஏறி இறங்கும் கால் மணி நேரமும், நிறம் வெளிறாமல் இருக்க உள்பக்கம் வெளியே வரும்படி துணியைத் திருப்பிப் போடுகிற வேலையும்தான். உங்கள் பக்கத்தில் மதியத்துக்கு மேல் கடற்காற்று ஏறிவிடுகிறது. அதில் ஈரம் அதிகம். ஆகவே காலை எட்டு மணிக்கு மேல் தாமதிக்காமல் காயப்போட்டு, இரண்டு மணிக்குள் எடுத்துவிடுவது நல்லது. முன்பக்கப் பால்கனியில் துணி தொங்கக்கூடாது என்று குடியிருப்புச் சங்கம் சொல்வது இருக்கட்டும். மொட்டைமாடிச் சாவியைக் கேட்டு வாங்குவதில் தயக்கம் வேண்டாம்.

ஆனால் ஐப்பசியிலும் கார்த்திகையிலும் இந்தப் பேச்சு செல்லாது என்பதை நானே ஒப்புக்கொள்கிறேன். காற்றே ஈரத்தில் நிறைந்திருக்கும்போது துணியின் ஈரத்தை அது எங்கே வாங்கிக்கொள்ளும்? இரண்டு நாள் கொடியிலேயே கிடந்து முடைநாற்றம் எடுத்த துணியை மறுபடி துவைப்பதைக் காட்டிலும் டிரையரே மேல், அதுவும் கைக்குழந்தை இருக்கும் வீட்டில். அந்த நாட்களிலும் எல்லாத் துணிக்கும் டிரையர் தேவைப்படாது. 1400-இல் பிழிந்த சட்டைகளையும் குழந்தையின் மெல்லிய துணிகளையும் மடக்கு ஸ்டாண்டில் இடைவெளி விட்டுப் போட்டு, ஜன்னலைக் கொஞ்சம் திறந்துவைத்து, 75 வாட் மின்விசிறியை ஆறு மணி நேரம் ஓடவிட்டால் அரை யூனிட்டுக்கும் குறைவாகவே ஆகும். நான் தங்கியிருந்தபோது இரவில் போட்டவை காலையில் காய்ந்திருந்தன. துண்டும் போர்வையும் மட்டும் காயவில்லை. அவற்றை டிரையரில் போடு. தையல் ஓரத்தில் லேசாக ஈரம் தட்டும்போதே நிறுத்திவிடு. மடிப்பதற்கு முன்பு மிச்சம் தானாகக் காயும்.

எத்தனை லோடு போடலாம் என்று கேட்டாய். 480-க்கும் 500-க்கும் இடையே உனக்கு 20 யூனிட் இருக்கிறது. லோடுக்கு 2.3 யூனிட் என்றால் இரண்டு மாதத்துக்கு எட்டு லோடு. ஒவ்வொன்றும் பதினான்கு பதினைந்து ரூபாய்க்குள் முடியும். “நீ சொல்வது போலக் குறைத்துத்தான் போட்டேன், பதினைந்து லோடுதான்” என்று நினைத்துவிடாதே. பதினைந்து என்றால் 34 யூனிட், மொத்தம் 514. சலுகை போய்விடுவதால் அந்தப் பதினைந்தில் ஒவ்வொன்றும் மறுபடி முப்பது ரூபாய் ஆகிவிடும். ஆகவே எண்ண வேண்டியது லோடுகளை அல்ல, மீட்டரை. சென்ற முறை கணக்கெடுத்த நாளின் ரீடிங்கை மீட்டர்ப் பெட்டிக் கதவின் உள்பக்கம் பென்சிலால் எழுதிவைத்திருக்கிறேன். அதோடு 500 கூட்டிய எண்ணையும் கீழே எழுதி வட்டமிட்டிருக்கிறேன். அடுத்த முறை கணக்கெடுத்ததும் இரண்டையும் அழித்துப் புதிதாக எழுதச் சொல், மாப்பிள்ளையிடம்.

அன்புடன்,
அம்மா