ஊறாத பருப்பும் ஒரு பாத்திரமும்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. உடனே பதில் எழுதாததற்குக் கோபித்துக்கொள்ளாதே. மகள் வேலைக்காக வெளியூர் போய்விட்டாள். அவள் சாமான்களைக் கட்டி அனுப்பி, வீட்டை மறுபடி ஒழுங்குபடுத்தவே நேரம் போதவில்லை. இப்போது நானும் அவரும் மட்டும்தான். இரண்டு பேருக்குக் குக்கரை எடுப்பானேன் என்று, நானும் உன்னைப் போலவே சாதாரணப் பாத்திரத்தில்தான் பருப்பு வேகவைக்கிறேன். அதனால், மைசூர் பருப்பையும் பாசிப்பருப்பையும் ஊறவைக்காமல், குக்கரில்லாமல் பதமாக வேகவைப்பது எப்படி என்று நீ கேட்டதற்கு என் அனுபவத்திலிருந்தே பதில் சொல்ல முடியும்.

"அடியில் கூழ், மேலே தண்ணீர்" என்று எழுதியிருந்தாய். அதைப் படித்ததுமே உன் அடுப்பு முழுத் தீயில் எரிந்திருக்கும் என்று நினைத்தேன். மைசூர் பருப்பும் பாசிப்பருப்பும் தோல் நீக்கி உடைத்தவை. தண்ணீரைத் தடுக்கத் தோல் இல்லை, உடைந்த பக்கம் வழியாக நீர் நேரே உள்ளே போய்விடும். அதனால்தான் இவற்றை ஊறவைக்கத் தேவையில்லை. ஆனால் அதே காரணத்தால் சீக்கிரம் உடையவும் செய்யும். தளதளவென்று கொதிக்கவிட்டால் ஒன்றோடொன்று மோதி ஓரங்கள் கரைந்துவிடும், நடுப்பகுதியோ இன்னும் வெந்திருக்காது. உள்ளே இருக்கும் மாவு நீரை முழுதாக இழுத்துக்கொள்ளவில்லையென்றால் அந்த நீர் தனியாகத்தான் நிற்கும். நீ பார்த்தது அதுதான்.

சரி, நான் செய்வதைச் சொல்கிறேன். மைசூர் பருப்பு ஒரு கப் என்றால் இரண்டரைக் கப் தண்ணீர். பருப்பைக் கைவிட்டு அலசி மூன்று நான்கு முறை கழுவுவேன். முதல் கழுவலில் பால் மாதிரி வரும், கடைசியில் லேசாகக் கலங்கியிருந்தால் போதும். இதை அவசரத்தில் விட்டுவிடாதே. பருப்பின் மேல் ஒட்டியிருக்கும் மாவு நுரையைக் கூட்டும், குழம்பையும் பசைபோல ஆக்கும். பிறகு தண்ணீரோடு அடுப்பில் வைத்துக் கொதி வரும்வரை பக்கத்திலேயே நிற்பேன். நுரை திரண்டு வந்ததும் கரண்டியால் வழித்து எடுத்துவிட்டு, மஞ்சள் தூளும் இரண்டு சொட்டு எண்ணெயும் விடுவேன். எண்ணெய் மறுபடி நுரை கட்டுவதைக் குறைக்கும். அப்புறம் தீயை நன்றாகக் குறைத்து, மூடியை ஓரத்தில் இரண்டு விரல் இடைவெளி விட்டு மூடுவேன். மேலே ஓரிரு குமிழிகள் மட்டும் எழுந்தால் சரியான தீ.

இங்கிருந்துதான் நேரம் கணக்கு. கொதி வந்த பிறகு 8 நிமிடத்தில் ஒரு பருப்பை எடுத்து விரலுக்கு நடுவில் நசுக்கிப் பார். நடுவில் வெள்ளையாகச் சின்னப் புள்ளி கெட்டியாகத் தெரிந்தால் இன்னும் முக்கால் பதம். உருமாறாமல் முழுசாக வேண்டுமென்றால் அந்தப் புள்ளி மறைந்ததும், ஏறக்குறைய 10 நிமிடத்தில், நிறுத்திவிட வேண்டும். மசிய வேண்டுமென்றால் 15 நிமிடம். ஆரஞ்சு நிறம் மறைந்து மஞ்சளாகிவிட்டதா என்பதும் நல்ல அடையாளம். என் கண் இப்போது கடிகாரத்தைவிட நிறத்தைத்தான் பார்க்கிறது.

பாசிப்பருப்பு கொஞ்சம் பொறுமை கேட்கும். ஒரு கப்புக்கு மூன்று கப் தண்ணீர், கொதி வந்த பின் 20 முதல் 25 நிமிடம். அரைமணிகூட ஆகும், பழைய பருப்பாக இருந்தால். பத்து நிமிடத்தில் பார்த்தால் வேகவே வேகாது போலிருக்கும். அப்புறம் திடீரென மலர்ந்து, ஐந்து நிமிடத்துக்குள் குழைந்துவிடும். கவனமாக நிற்க வேண்டியது அந்தக் கடைசி ஐந்து நிமிடம்தான். வாணலியில் வாசம் வரும்வரை, நிறம் மாறாமல் வறுத்துவிட்டு வேகவைத்தால் தனித்தனியாக நிற்கும். மலர வேண்டுமென்று நினைக்கும் நாளில் நான் அப்படித்தான் செய்கிறேன்.

இரண்டையும் சேர்த்து வேகவைத்ததாக எழுதியிருந்தாயே, அங்கேதான் உனக்குக் கஷ்டம் கூடியது. இரண்டையும் ஒன்றாகப் போட்டால் பாசிப்பருப்பு வேகும்போது மைசூர் பருப்பு கரைந்து போயிருக்கும். போன செவ்வாய்க்கிழமை நான் செய்தது இப்படி: அரைக் கப் பாசிப்பருப்பை மட்டும் இரண்டே முக்கால் கப் தண்ணீரில் முதலில் போட்டேன். கொதி வந்து 10 நிமிடம் கழித்து அரைக் கப் மைசூர் பருப்பைச் சேர்த்தேன். அது சேர்ந்ததும் கொதி அடங்கும், மறுபடி வந்ததும் தீயைக் குறைத்து 12 நிமிடம். இரண்டும் ஒரே பதத்தில் வந்தன.

தண்ணீரை முதலிலேயே தாராளமாக ஊற்றிவிடும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடு. போதவில்லையென்றால் சுடுதண்ணீர் அரைக் கப் சேர்த்துக்கொள்ளலாம், கூடுதலாக ஊற்றியதை எடுப்பது கஷ்டம். பச்சைத் தண்ணீர் ஊற்றினால் கொதி அடங்கி வேகும் நேரம் நீளும். இன்னொன்று, பருப்பைப் பாதியாக்கினால் தண்ணீரைச் சரிபாதியாக்காதே. ஆவியாகும் அளவு பாத்திரத்தின் வாயையும் நேரத்தையும் பொறுத்தது, பருப்பின் அளவைப் பொறுத்தல்ல. அரைக் கப் மைசூர் பருப்புக்கு ஒன்றேகால் கப் போதும் என்று கணக்குப் போட்டு, அகலமான பாத்திரத்தில் வைத்து அடிபிடிக்க விட்டேன். இப்போது ஒன்றரைக் கப் வைத்து, வாய் சிறிய பாத்திரத்தை எடுக்கிறேன்.

தக்காளி, புளி, எலுமிச்சை எதுவானாலும் பருப்பு வெந்த பிறகுதான். புளிப்பு முதலிலேயே சேர்ந்தால் பருப்பு சீக்கிரம் இளகாது, வேக அதிக நேரம் பிடிக்கும். உப்பை நான் பாதி வேக்காட்டில் போடுகிறேன், அதனால் ஒன்றும் கெடவில்லை. சோடா உப்பு போடாதே. சீக்கிரம் வேகும், ஆனால் நீ பயப்படும் கூழ் அதிலிருந்துதான் வரும்.

மீண்டும் தண்ணீர் தனியாக நின்றால் பயப்படாதே. ஒரு கரண்டிப் பருப்பைப் பாத்திரத்தின் ஓரத்தில் அழுத்தி மசித்துக் கலந்து, மூடியில்லாமல் மிதமான தீயில் ஐந்து நிமிடம் வை, அடியைத் துழாவிக்கொண்டே இரு. மசிந்த மாவு நீரைப் பிடித்துக்கொள்ளும். நீ நினைப்பதைவிடச் சற்றுத் தளர்வாக இருக்கும்போதே இறக்கிவிடு. பத்து நிமிடம் மூடி வைத்தால் ஆறும்போது தானாகவே இறுகும்.

வேலை முடிந்து எட்டு மணிக்கு வருகிறாய் என்று எழுதினாயே, இதெல்லாம் அரைமணி வேலைதான். ஒரு முறை மைசூர் பருப்பு மட்டும் செய்துபார்த்து எத்தனை நிமிடத்தில் வெள்ளைப் புள்ளி மறைந்தது என்று எழுது. உன் அடுப்பின் கணக்கு அப்போதுதான் தெரியும். முட்டிவலி எப்படி இருக்கிறது, அதையும் மறக்காமல் எழுது.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழி