விழுந்தது எது, எங்கே?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கீழே விழுந்த தின்பண்டத்தை ஐந்து நொடிக்குள் எடுத்துவிட்டால் கிருமி ஒட்டாது என்பது உண்மையா என்று தங்கள் இதழின் சிறுவர் பக்கத்தில் ஒரு கேள்வி வந்திருந்தது. ‘சீக்கிரம் எடுத்தால் ஆபத்து குறைவு’ என்ற பதிலோடு அதை முடித்திருந்தீர்கள். அதில் தவறில்லை. ஆனால் ஆபத்தைத் தீர்மானிப்பதில் நேரத்துக்கு இருக்கும் பங்கு சிறியது.

அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் டொனால்ட் ஷாஃப்னரும் ராபின் மிராண்டாவும் இதைச் சோதித்து 2016-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். எஃகு, பீங்கான் ஓடு, மரம், தரைவிரிப்பு ஆகிய நான்கிலும் தீங்கில்லாத ஒரு பாக்டீரியாவைத் தடவி உலரவிட்டு, தர்பூசணி, ரொட்டி, வெண்ணெய் தடவிய ரொட்டி, ஜவ்வு மிட்டாய் நான்கையும் போட்டுப் பார்த்தார்கள். அதிக நேரம் கிடந்தால் அதிகக் கிருமி ஏறியது உண்மைதான். ஆனாலும் ஒரு நொடிக்குள் எடுத்தபோதே கிருமி ஏறியிருந்தது. எல்லாவற்றிலும் அதிகம் ஏறியது தர்பூசணியில், குறைவாக ஏறியது மிட்டாயில். கிருமிக்குக் கால் கிடையாது, ஈரம்தான் அதைச் சுமந்து செல்கிறது. தரைவிரிப்பிலிருந்து பீங்கான் ஓட்டைவிடக் குறைவாகவே ஒட்டியதும் பலர் எதிர்பார்க்காத ஒன்று. வழவழப்பான தரையில் பண்டத்தின் அடிப்பக்கம் முழுதும் படியும், விரிப்பிலோ நூல் நுனிகள் மட்டுமே தொடும்.

நம் வீட்டுக்கு இதைப் பொருத்திப் பார்த்தால், தார்சாவில் காய்ந்த தரையில் விழுந்த முறுக்கும் அடுக்களை டைல்ஸில் விழுந்த நுங்கும் ஒன்றல்ல. நுங்கு தோலோடு விழுந்திருந்தால் கழுவிவிட்டு உரித்துத் தின்னலாம். உரித்த நுங்கு விழுந்தால் போட்டுவிட வேண்டியதுதான். தண்ணீரில் அலசினால் மண் போகும், கிருமி முழுதும் போகாது. ஊதுவதால் பயனே இல்லை.

ஈரத்தைவிடப் பெரிய கேள்வி, அந்தத் தரையில் முன்பு என்ன சிந்தியது என்பது. கிருமியே இல்லாத இடத்தில் பத்து நிமிடம் கிடந்தாலும் ஒன்றும் ஏறாது. கோழிக்கறிப் பையிலிருந்து சொட்டிய நீரில் வயிற்றுப்போக்கு தரும் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். கிளெம்சன் பல்கலைக்கழகத்தில் பால் டாசன் குழுவினர் செய்த சோதனையில், உலர்ந்த பரப்பில் அது நான்கு வாரம் வரை உயிரோடிருந்து உணவுக்கும் ஏறியது. அதனால் ‘காய்ந்துவிட்டதே’ என்று நம்பக்கூடாது. கழிப்பறைக்குப் போட்ட செருப்போடு நடமாடும் தரை இன்னும் மோசம். சீதபேதி தரும் ஷிகெல்லா பத்து முதல் நூறு வரை உள்ளே போனாலே நோய் வரலாம். குளியலறையைத் துடைத்த துணியால் அடுக்களையையும் துடைப்பது அங்குள்ளதை இங்கே பூசுவதாகும்.

இதற்கும் மேலே ஒரு தவறு இருக்கிறது, அதைப் பற்றித்தான் முக்கியமாக எழுத நினைத்தோம். பள்ளிக்கூடத்துக்குக் கட்டும் அவசரத்தில் உரித்த அவித்த முட்டை ஒன்று கீழே விழுகிறது, எடுத்து அலசி டப்பாவில் வைத்துவிடுகிறோம் என்று கொள்வோம். அதில் பத்து சால்மோனெல்லா ஏறியிருந்தால், உடனே தின்னும் திடமான பெரியவருக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. ஆனால் டப்பா காலை எட்டு மணியிலிருந்து பகல் ஒரு மணி வரை நம் ஊர் வெக்கையில் இருக்கிறது. தொடக்கத்தில் கிருமி சற்றுத் தாமதித்தாலும், பிறகு அரை மணிக்கு ஒருமுறை இரட்டிக்கக்கூடிய சூடு அது. நான்கு மணி நேரம் பெருகினால் எட்டு முறை இரட்டித்து, பத்து இரண்டாயிரத்து ஐந்நூறைத் தாண்டிவிடும். தின்பதோ குழந்தை. கெட்ட வாடையோ கொழகொழப்போ வராது என்பதால் பார்த்தும் கண்டுபிடிக்க முடியாது. முறுக்கில் இந்தப் பெருக்கம் நடக்காது, அங்கே அதற்கு வேண்டிய ஈரம் இல்லை.

எனவே விழுந்த ஈரப்பண்டத்தைப் பாத்திரத்திலோ டப்பாவிலோ திரும்பப் போடவே கூடாது. ஒரு துண்டின் கிருமி முழுச் சட்டிக்கும் போய்விடும். அடுப்பில் கொதிக்கும் குழம்புக்குரிய கறித்துண்டு விழுந்தால் மட்டும், உடனே கழுவிப் போட்டு நன்றாகக் கொதிக்கவிடலாம். நடுப்பகுதி 70 டிகிரி சூட்டில் இரண்டு நிமிடம் இருந்தால் இந்தக் கிருமிகள் சாகும். பினாயிலோ கண்ணாடித் தூளோ பட்ட தரையென்றால் அதுவும் வேண்டாம், கொதிப்பதால் அவை போகா. கைக்குழந்தை, கர்ப்பிணி, வயதானவர், சர்க்கரை நோயாளி உள்ள வீட்டில் முறுக்குக்குக்கூடத் தரையைப் பார்த்தே முடிவெடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
உணவு நுண்ணுயிரியல் விரிவுரையாளர்கள்,
பாளையங்கோட்டை