வினாத்தாளைத் தமிழாக்கும் குழுவினருக்கு: ஒற்றெழுத்தை விழுங்காதீர்கள்

மதிப்பிற்குரிய குழுவினருக்கு,

வணக்கம். பாலக்காட்டுச் சித்தூர் வட்டத்தில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம், பிள்ளையைத் தமிழ் வழியில் படிக்க வைக்கும் தகப்பன் எழுதுகிறேன். எங்கள் பள்ளிகளுக்குத் தாள் எப்படித் தயாராகிறது என்பது உங்களுக்கே தெரியும். நான் சொல்ல வந்தது போன தேர்வின் உயிரியல் தாளில் இருந்த ஒரே ஒரு கேள்வியைப் பற்றி.

‘நஞ்சு கொடியின் இரண்டு பணிகளை எழுதுக.’

என் மகள் செங்காந்தளை எழுதி வைத்திருக்கிறாள். வேலியோரம் படரும் கொடி, கிழங்கில் நஞ்சு, அதனால் ஆடு மாடு மேயாது என்று இரண்டு வரி. எழுதியதில் பிழை இல்லை, மதிப்பெண்தான் இல்லை. நீங்கள் கேட்டது தாயின் கருப்பையிலிருந்து சேய்க்கு உணவும் உயிர்வளியும் கொண்டுபோய், கழிவைத் திருப்பி எடுத்து வரும் நஞ்சுக்கொடியை.

அது அவளுக்குத் தெரியாததல்ல. மாடு கன்று போட்டால் ‘நஞ்சுக்கொடி விழுந்துச்சாப்பா?’ என்று தொழுவத்தில் நிற்பவள் அவள். அதை வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் கட்டக் கூடவே வருவாள். உங்கள் தாளில் அந்தச் சொல் இல்லை. நஞ்சு ஒரு பக்கம், கொடி ஒரு பக்கம் என்று தனித்தனியாகக் கிடந்த இரண்டு சொற்களை ஒரு பிள்ளை வேறு எப்படிப் படிக்கும்?

தொகைச்சொல் எல்லாம் ஒரே மாதிரி இல்லை. தேங்காயெண்ணெய் தேங்காயிலிருந்து வருவது. விளக்கெண்ணெய் விளக்கிலிருந்து வருவதல்ல, அது ஆமணக்கு. இரண்டு சொல்லிலும் நடுவே ‘இருந்து’, ‘ஆக’ என்று எதுவும் எழுதியிருக்காது, கேட்பவர்தான் நிரப்பிக்கொள்ள வேண்டும். நஞ்சுக்கொடியில் அப்படி நிரப்பவும் வழியில்லை. அதில் நஞ்சும் இல்லை, அது செடிகொடியும் இல்லை. முழுச்சொல்லாகப் பார்த்தால்தான் பொருள். மலையாளத் தாளில் அதே கேள்விக்கு ‘மறுபிள்ள’ என்று ஒரே சொல். அதை ‘மறு பிள்ள’ என்று பிரித்து, இன்னொரு குழந்தையைப் பற்றி எழுத வைக்க அங்கே யாருக்காவது துணிச்சல் வருமா?

இடைவெளி விட்டதற்காக நான் சண்டைக்கு வரவில்லை. ஓலைச்சுவடியில் சொல்லுக்குச் சொல் இடைவெளியே கிடையாது, அது அச்சோடு வந்த பழக்கம். அதனால்தான் ‘நாட்டுப்புறப் பாடல்’ என்றும் ‘நாட்டுப்புறப்பாடல்’ என்றும் இரண்டு விதமாக எழுதுகிறோம், பொருள் கெடுவதில்லை. கெடுப்பது ஒற்று போவது. ‘கீரை கடை’ என்றால் மத்தை எடு என்று பொருள். ‘கீரைக்கடை’ என்றால் காசை எடு. ஆங்கிலத்தில் ‘பிளாக்போர்டு’ என்ற ஒரே சொல்லையும் கறுப்பான ஏதோ ஒரு பலகையையும் அழுத்தம் விழும் இடத்தால் பிரித்துக் காட்டுவார்கள். தமிழில் அப்படிச் சொல்லழுத்தம் கிடையாது. நாம் ஒரே மூச்சில், நடுவில் வல்லெழுத்தை இரட்டித்துச் சொல்கிறோம். அந்த மூச்சைத்தான் ‘க்’ என்று எழுதுகிறோம். அது போனால் படிப்பவர் நடுவில் நின்றுவிடுவார்.

இரட்டிக்காத தொகையும் உண்டு. வினைத்தொகையில் வல்லினம் மிகாது: சுடுகாடு, ஊறுகாய். அங்கே கட்டிப்போட ஒற்று இல்லாததால் சேர்த்து எழுதுவது ஒன்றுதான் அடையாளம். ‘சுடு காடு’ என்று பிரித்தால் காட்டைக் கொளுத்தச் சொல்வது போல ஆகிவிடும். இதே தாளில் ‘குடி நீர்’ என்றும் அச்சாகியிருந்தது. கட்டளை என்று எடுத்துக்கொண்டு யாராவது ஒரு டம்ளர் குடித்தார்களா தெரியாது.

எங்கள் கடைவீதிப் பலகைகளுக்கும் இதே கதிதான். மேலே மலையாளத்தில் ‘சாயக்கட’, இரட்டித்த ‘க்க’ அப்படியே இருக்கும். கீழே தமிழில் ‘தேநீர் கடை’. பக்கத்து மொழிக்காரர் ஒற்றெழுத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறார், நாம்தான் தொலைத்துவிட்டு நிற்கிறோம். சிறுபான்மை மொழிக்கு இவ்வளவு போதும் என்று எவரேனும் முடிவு செய்திருந்தால் எங்களுக்கும் சொல்லிவிடுங்கள், பிள்ளைகளிடம் சொல்லி வைக்கிறோம்.

கோபம் கொஞ்சம் எல்லை தாண்டிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது இவ்வளவுதான். ஒற்றை விழுங்காதீர்கள். பகுதிகளின் பொருளிலிருந்து முழுப்பொருள் வராத கலைச்சொற்களையும் வினைத்தொகைகளையும் உடைக்காமல் அச்சிடுங்கள். அந்தக் கேள்வியைக் கொடி என்று படித்து எழுதிய எல்லாப் பிள்ளைகளுக்கும் மதிப்பெண் கொடுங்கள். அடுத்த தாள் அச்சுக்குப் போகுமுன் தமிழாசிரியர் ஒருவரை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். நிற்கக் கூடாத இடத்தில் அவர் நின்றால் அங்கே ஒற்றோ சேர்க்கையோ போயிருக்கிறது என்று அர்த்தம். அதற்கு எங்கள் பக்கத்து ஆசிரியர்கள் வேண்டுமென்றால், கூப்பிட்டால் வருவார்கள்.

இப்படிக்கு,
தமிழ் வழி மாணவி ஒருத்தியின் தகப்பன்