தண்டு தானாகச் சுழல்கிறதா, மோட்டார் சுழற்றுகிறதா? வினாத்தாள் அமைக்கும் இயற்பியல் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஆசிரியர்களுக்கு,

வணக்கம். சுழலும் தண்டில் மணி வழுக்கி வெளியே போகும் கணக்கு உங்களுக்குப் பழகியதுதான். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். அண்மையில் என்னிடம் படிக்கும் மாணவி ஒருத்தி தேர்வில் எழுதிய விடையைப் பார்த்தேன். சரியான விடைக்கு மேல் சிவப்புக் கோடு விழுந்திருந்தது. விடைக்குறிப்பில் இருந்த எண் வேறு.

கணக்கு இதுதான். உராய்வில்லாத கிடைமட்டத் தண்டு, ஒரு முனையில் உள்ள செங்குத்து அச்சைச் சுற்றித் தடையின்றிச் சுழல்கிறது. தண்டின் நீளம் 1 மீட்டர், நிலைமத் திருப்புத்திறன் 0.1 kg m². 0.1 kg நிறையுள்ள மணி, அச்சிலிருந்து 0.5 மீட்டரில் நூலால் கட்டப்பட்டிருக்கிறது. அப்போது கோண வேகம் 8 rad/s. நூல் அறுகிறது. தண்டின் முனையை எட்டும்போது, தண்டின் வழியே மணியின் வேகம் என்ன?

விடைக்குறிப்பு v² = ω²(r² − r₀²) என்ற சூத்திரத்தில் ω = 8 என்று போட்டு 6.93 m/s என்கிறது. மோட்டார் ஒன்று தண்டை மாறாத வேகத்தில் சுழற்றிக்கொண்டே இருந்தால் இது சரி. வினாவிலோ மோட்டார் கிடையாது. சந்தேகம் இருந்தால் ஆற்றலைக் கூட்டிப் பாருங்கள். தொடக்கத்தில் மொத்தம் 4 J. குறிப்பின்படி போனால் முடிவில் சுழற்சிக்கு 6.4 J, ஆரத் திசை வேகத்துக்கு 2.4 J, ஆக 8.8 J. கூடுதலாக வந்த 4.8 J-ஐ யார் கொடுத்தது? மோட்டார் இருந்தால் மோட்டார் கொடுக்கும். இங்கே கொடுக்க ஆளில்லை.

மாணவி செய்தது இப்படி. வெளியிலிருந்து அச்சைச் சுற்றித் திருப்பு விசை ஏதும் இல்லை, அதனால் கோண உந்தம் மாறாது. மணி வெளியே போகப் போக மொத்த நிலைமத் திருப்புத்திறன் 0.125-லிருந்து 0.2 ஆகிறது, கோண வேகம் 8-லிருந்து 5 rad/s ஆகக் குறைகிறது. உராய்வு இல்லாததால் ஆற்றலும் அப்படியே 4 J தான். அதில் 2.5 J சுழற்சிக்குப் போக, மிச்சம் 1.5 J மணி தண்டின் வழியே ஓடும் ஓட்டத்தில் இருக்கிறது. வேகம் 5.48 m/s. இதற்கு மேல் எழுத ஒன்றுமே இல்லை.

பாதி வழி சரியாக வந்து தடுக்குகிறவர்களும் உண்டு. ω = 5 என்று கண்டுபிடித்துவிட்டு, அதை அதே பழைய சூத்திரத்தில் போட்டு 4.33 என்று முடிப்பார்கள். வழியெல்லாம் ω குறைந்துகொண்டே வந்தது என்பதை மறந்துவிடுகிறார்கள். இரண்டு விதிகளையும் சேர்த்துப் பார்த்தால் கிடைக்கும் உறவு v² = ω₀ω(r² − r₀²). தொடக்கக் கோண வேகமும் அந்தக் கணத்துக் கோண வேகமும் பெருக்கலாக வருகின்றன: 8 × 5 × 0.75 = 30. எனக்கு இந்தக் கணக்கில் மிகவும் பிடித்த இடம் இது.

தண்டு ஏன் மெதுவாகிறது என்றும் ஒரு துணைக்கேள்வி கேளுங்கள். பலர் ‘கோண உந்தம் மாறாது’ என்று மட்டும் எழுதி நிறுத்திவிடுகிறார்கள். நடப்பது என்னவென்றால், அச்சிலிருந்து தள்ளிப்போகும் மணிக்குக் கோண உந்தம் கூடிக்கொண்டே போக வேண்டும். அதற்காகத் தண்டு மணியைப் பக்கவாட்டில் தள்ளுகிறது, மணி திருப்பித் தண்டைப் பின்னுக்குத் தள்ளுகிறது. முனையில் அந்த விசை 2.74 N. மொத்தப் பயணத்தில் தண்டு இழக்கும் 1.95 J முழுவதும் மணிக்குப் போய்ச் சேர்கிறது. தண்டின் வழியே விசை எதுவும் இல்லை; இருந்தும் அந்தத் திசை வேகம் கூடுகிறது. பக்கவாட்டில் கிடைத்த வேகத்தோடு மணி நேராகப் போகப் பார்க்கிறது, அதற்குள் தண்டு திரும்பிவிடுகிறது.

சரி, நான் கேட்பது இரண்டு. வினாவில் ‘சுழல்கிறது’ என்று மட்டும் விடாமல், ‘மோட்டாரால் மாறாத கோண வேகத்தில் சுழற்றப்படுகிறது’ அல்லது ‘தடையின்றிச் சுழல விடப்படுகிறது’ என்று எழுதுங்கள். இரண்டாவது வகை என்றால் தண்டின் நிலைமத் திருப்புத்திறனைக் கொடுத்தே ஆக வேண்டும், அது இல்லாமல் விடையே வராது. அப்புறம், முதல் தாள் திருத்துவதற்கு முன் விடைக்குறிப்பில் ஆற்றலை ஒருமுறை கூட்டிப் பாருங்கள். 4 J போய் 8.8 J வந்தால் அந்தக் குறிப்பைத் திருத்திவிட்டு, ஏற்கனவே கோடு போட்ட தாள்களையும் மறுபடி எடுங்கள்.

இப்படிக்கு,
ஓர் இயற்பியல் ஆசிரியர்