ஹாதார்ன் ஆலையின் இன்னொரு அறை

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

நிர்வாகம் அக்கறையோடு கவனித்தாலே போதும், தொழிலாளர்களின் உற்பத்தி கூடிவிடும் என்று சென்ற இதழ்க் கட்டுரை சொல்கிறது. அதற்குச் சான்றாகச் சிகாகோவை அடுத்த சிசரோவில் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனம் நடத்திய ஹாதார்ன் ஆலையைக் காட்டுகிறது. ஆய்வு நடந்தது, உற்பத்தி கூடியது, இரண்டும் உண்மை. ஆனால் கட்டுரை அந்த ஆலையின் ஓர் அறையைப் பற்றி மட்டுமே பேசுகிறது. அதே ஆலையில் இன்னொரு அறையிலும் ஒரு பார்வையாளரை உட்கார வைத்து மாதக்கணக்கில் கவனித்தார்கள். அங்கே உற்பத்தி ஏறவில்லை. அந்த அறையை விட்டுவிட்டு இந்த ஆய்விலிருந்து எந்த முடிவுக்கும் வர முடியாது.

முதல் அறை ரிலே பூட்டும் அறை. 1927-இல் தொடங்கியது. மின்சுற்றைத் திறந்து மூடும் சிறு சுவிட்சுதான் ரிலே. தொலைபேசி இணைப்பகத்துக்கான ரிலேக்களை ஐந்து பெண்கள் பூட்டினார்கள், ஆறாவது பெண் உதிரிப் பாகங்களை எடுத்துக் கொடுத்தார். முடிந்த ரிலேயைச் சரிவுக் குழாயில் போட்டதும் ஒரு கருவி நாடாவில் துளையிட்டுக் கணக்கு வைத்துக்கொள்ளும். இடைவேளை கொடுத்தார்கள், காலைச் சிற்றுண்டி கொடுத்தார்கள், வேலை நேரத்தைக் குறைத்தார்கள். பிறகு சோதனையின் பன்னிரண்டாம் கட்டத்தில் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு முழு வார வேலைக்குத் திரும்பினார்கள். தொடக்கத்தில் ஆளுக்கு வாரம் சுமார் 2,400 ரிலே என்றிருந்தது, சலுகைகள் போன பிறகும் 2,900-ஐத் தாண்டி நின்றது. ‘கவனிப்பின் விளைவு’ என்ற பேச்சுக்கு வேர் இதுதான். அந்தக் கட்டத்தில் வார மொத்தம் உயர்ந்தாலும் மணிக்கு இத்தனை என்ற வேகம் சற்று இறங்கியது என்பதை யாரும் சொல்வதில்லை.

கவனிப்போடு சேர்ந்து அந்த அறைக்குள் வேறு இரண்டு மாற்றங்கள் நுழைந்தன. முதலாவது கூலி. அதுவரை சுமார் நூறு பேர் கொண்ட பிரிவு முழுவதற்கும் ஒரே குழுக் கூலிக் கணக்கு, எல்லோரும் செய்ததைக் கூட்டிப் பங்கிடுவது. அறைக்கு வந்த பிறகு அந்தச் சிறு குழுவுக்கு மட்டும் தனிக் கணக்கு. ஒருத்தி கூடுதலாகப் பூட்டினால் அதன் பலன் அவள் கூலியிலேயே தெரிந்தது. கூலி முறையை மட்டும் இப்படி மாற்றி, வேறு சலுகை எதுவும் தராமல் இன்னொரு குழுவில் சோதித்தபோது உற்பத்தி சுமார் 12 சதவீதம் ஏறியது. பிரிவில் இருந்த மற்றவர்கள் முணுமுணுத்ததால் பழைய முறைக்குத் திரும்பினார்கள், உடனே உற்பத்தி இறங்கிவிட்டது. இரண்டாவது மாற்றம், 1928 ஜனவரியில் அதிகம் பேசுகிறார்கள், ஒத்துழைக்கவில்லை என்று இரு பெண்களை வெளியேற்றி, கைவேகம் உள்ள இருவரை அமர்த்தியது. ஆறு பேரில் இருவரை மாற்றிவிட்டு, உயர்வு முழுவதையும் அக்கறையின் கணக்கில் எழுதுவது நியாயமாகாது.

இனி அந்த இன்னொரு அறை. 1931 நவம்பர் முதல் 1932 மே வரை நடந்த பேங்க் வயரிங் அறை. தொலைபேசி இணைப்பகச் சாதனங்களில் பேங்க் எனப்படும் முனைத் தொகுதிகளைக் கம்பியால் இணைப்பது அங்கே வேலை. பதினான்கு ஆண்கள்: கம்பி சுற்றுபவர்கள் ஒன்பது பேர், சால்டர் வைப்பவர்கள் மூவர், பரிசோதகர்கள் இருவர். கம்பி சுற்றுபவர் ஒருவர் இரண்டு சாதனங்களை மாற்றி மாற்றிப் பார்ப்பார். ஒன்றில் ஓர் அடுக்குக் கம்பி முடிந்ததும் அடுத்ததற்குப் போவார், அந்த நேரத்தில் முதலாவதில் சால்டர் வேலையும் சோதனையும் நடக்கும். ‘கனெக்டர்’ வகைச் சாதனத்தில் அடுக்குக்கு 11 பேங்க், பேங்குக்கு 100 முனை, மூன்று அடுக்கு என மொத்தம் 3,300 இணைப்புகள். நாளுக்கு இரண்டு சாதனம் முடித்தால் 6,600. அதுதான் ஒரு நாள் வேலை என்று ஆட்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்டார்கள். நிர்வாகத்தின் இலக்கோ மணிக்கு 914, எட்டு மணி நேரத்துக்கு 7,312.

இந்த 6,600 எங்கும் எழுதி வைக்கப்படவில்லை. ஆனால் மீறியவருக்கு உடனே தெரியவரும். வேகமாகச் சுற்றுபவரின் பக்கத்தில் ஒருவர் வந்து மேல்கையில் ஓங்கி ஒரு குத்து விடுவார். வாங்கியவர் கோபப்படாமல் திருப்பி ஒன்று விடலாம், அத்தோடு முடிந்தது. அதிகம் செய்பவர் கூலி ரேட்டைக் கெடுப்பவர். மிகக் குறைவாகச் செய்பவர் கூட்டாளிகளின் உழைப்பில் கூலி வாங்குபவர். மேலதிகாரியிடம் சொல்பவர் கோள்மூட்டி. மூன்றுமே குற்றம்.

இன்னும் கவனிக்க வேண்டியது பதிவேடு. ஒருவர் இன்று 7,000 முடித்தால் 6,600 என்று சொல்லி 400-ஐக் கையிருப்பில் வைத்துக்கொள்வார். நாளை 6,200-தான் முடிந்தாலும் அந்த 400-ஐச் சேர்த்து மறுபடி 6,600 என்பார். தாளில் வேலை நேர்கோடாகப் போகும், மேசையில் ஏறி இறங்கும். பார்வையாளர் தனியே எண்ணியதால்தான் இது வெளிப்பட்டது. குறைவைச் சரிக்கட்ட இன்னொரு வழியும் இருந்தது: சரக்கு வரவில்லை, சாதனம் பழுது என்று வேலையில்லாத நேரத்தைக் கூட்டிச் சொல்வது. நேரடி மேற்பார்வையாளருக்கு இதெல்லாம் தெரியும். ஆட்களின் பக்கம் நின்றால்தான் அவரால் அந்த அறையை ஓட்ட முடிந்தது, அதனால் கண்டும் காணாமலும் இருந்தார். திறமைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அறிவுத் தேர்வில் முதலிடம் பெற்றவர்தான் உற்பத்தியில் கடைசி.

இந்த அறையில் கவனிப்புக்குக் குறைவில்லை. பார்வையாளர் அதிகாரம் காட்டவில்லை, ஆட்கள் அவரிடம் சகஜமாகப் பழகினார்கள். ஆனால் கூலி மட்டும் பழையபடி பிரிவு முழுவதற்கும் பொதுவானதாகவே இருந்தது. ஒருவர் கூடுதலாக 700 இணைப்புகள் போட்டால், பிரிவில் நூறு பேர் இருந்தால், அவர் பங்குக்கு வருவது நூறில் ஒன்று. அதற்கு ஈடாக, ‘இவரால் முடிகிறதே’ என்று ரேட்டைக் குறைத்துவிடுவார்கள், மெதுவானவர்களை வெளியே அனுப்பிவிடுவார்கள் என்ற பயம் மொத்தமும் அவர் தலையில். நிர்வாகம் அங்கே ரேட்டைக் குறைத்ததில்லை என்பதால் இது வீண் பயம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பெருமந்தக் காலம் அது, ஆலையில் வேலையே சுருங்கிக்கொண்டிருந்தது. 1932 மே மாதம் இந்த அறை மூடப்பட்டதற்கும் வேலை இல்லாமல் போனதுதான் காரணம். இருக்கிற வேலையை எல்லோருக்கும் இழுத்துப் பிடித்தது விவரமான ஏற்பாடு என்றே நான் நினைக்கிறேன்.

வெளிச்சத்தை மாற்றினால் உற்பத்தி மாறுகிறதா என்று அதே ஆலையில் 1924-இல் தொடங்கிய விளக்கொளிச் சோதனைகளையும் கட்டுரை தொட்டுச் செல்கிறது. தொலைந்ததாக நினைத்த அந்தப் பழைய தரவுகளை மீட்டு பொருளியலாளர்கள் ஸ்டீவன் லெவிட், ஜான் லிஸ்ட் இருவரும் 2011-இல் ஆராய்ந்து வெளியிட்டார்கள். விளக்கை மாற்றியதெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில். திங்களன்று உற்பத்தி கூடியதைப் பார்த்து விளக்கால் என்றும், பிறகு கவனிப்பால் என்றும் சொன்னார்கள். விளக்கைத் தொடாத வாரங்களிலும் சனிக்கிழமையைவிடத் திங்களன்று உற்பத்தி கூடவே செய்தது.

ஆகவே ஓர் ஆலையில் ‘கவனித்தோம், கூடியது’ என்று யாராவது கணக்குக் காட்டினால் நான்கு கேள்விகள் கேட்க வேண்டும். கவனிக்காத வாரத்தின் அதே கிழமையோடு ஒப்பிட்டார்களா? கூலிக் குழுவின் அளவு மாறியதா? ஆட்களை மாற்றினார்களா? பதிவேட்டில் உள்ள எண்ணிக்கையை ஷிப்ட் முடிவில் மேசையில் உள்ளதோடு நேரில் எண்ணிப் பார்த்தார்களா? நாள் தவறாமல் ஒரே எண் வருகிற பதிவேடு ஒழுங்கான வேலைக்கு அடையாளம் என்று மேலாளர்கள் மகிழ்வதுண்டு. மனிதக் கை அப்படி ஒரே அளவில் ஓடாது. அந்த எண்ணை யாரோ கூடிப் பேசி வைத்திருக்கிறார்கள், அவர்கள் எதற்குப் பயப்படுகிறார்கள் என்பதிலிருந்து விசாரணையைத் தொடங்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கோவை