ஒரே பெயர், வேறு விலை: பிரித்தானிய சூதாட்ட ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

பர்மிங்காமில் இருக்கும் சூதாட்ட ஆணையத்தாருக்கு வணக்கம்.

இதன் ஆங்கிலப் படி உங்களுக்குத் தனியாகத் தபாலில் வருகிறது. தமிழிலும் எழுதுவதற்குக் காரணம், ஒரே இணையச் சூதாட்ட விளையாட்டில் தளத்துக்குத் தளம் எண் ஏன் வேறாக இருக்கிறது என்ற கேள்வியை என்னிடம் கேட்டவன் தமிழன். அவனைப் போலக் கேட்க வேண்டிய பலரும் தமிழில்தான் வாசிக்கிறார்கள்.

நான் லண்டன் ஈஸ்ட் ஹாமில் சின்னக் கடைக்காரர்களுக்குக் கணக்கு எழுதுகிறவன். சூதாடும் பழக்கம் இல்லை. அது ஒழுக்கத்தால் வந்ததல்ல, கணக்குத் தெரிந்ததால் வந்தது. நான் கணக்குப் பார்க்கும் கடையொன்றில் கல்லாவில் நிற்கும் தம்பி ஒருவன், போன மாதம் இரண்டு கைபேசிகளை என் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான். இரண்டிலும் ஒரே ஸ்லாட், காசு போட்டுப் படங்களைச் சுழற்றிவிடும் விளையாட்டு. அதே படங்கள், அதே இசை, ஒரே பரிசுப் பட்டியல். திறந்திருந்த தளங்கள் மட்டும் வேறு. விதிகள் பக்கத்தை விரலால் தள்ளிக்கொண்டே போய் அடியில் நிறுத்தினான். ஒன்றில் 96 சொச்சம், மற்றதில் 94 சொச்சம்.

"அண்ணை, ரெண்டும் ஒரே கேம்தானே? பிறகேன் நம்பர் வேற?"

"நீ இவ்வளவு நாளும் எதில விளையாடினாய்?"

94 இருந்த கைபேசியைக் காட்டினான்.

அந்த இரண்டு தளங்களும் எதையும் ஒளிக்கவில்லை, சட்டத்தையும் மீறவில்லை. நான் எழுதுவது அதனால்தான். மீறியிருந்தால் முறைப்பாடு செய்து முடித்திருப்பேன்.

உங்களுக்குத் தெரிந்ததையே முதலில் சொல்கிறேன், வாசிக்கும் மற்றவர்களுக்காக. தம்பி காட்டிய அந்த எண்ணின் பெயர் ஆர்டிபி, ஆங்கிலத்தில் RTP. அது ஒரு ஸ்லாட்டில் நீண்ட காலத்தில் போடப்படும் பந்தயப் பணத்தில் எவ்வளவு பரிசாகத் திரும்புகிறது என்பதன் சதவீதம். இதை ஒரு விளையாட்டுக்கு ஒரு எண் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படியில்லை. வெளியே எல்லோருக்கும் தெரிந்த உதாரணம், பிளேன் கோ நிறுவனம் 2016இல் வெளியிட்ட 'புக் ஆஃப் டெட்'. அது 96.21, 94.25, 91.25, 87.25, 84.18 என்று ஐந்து பதிப்புகளில் கிடைக்கிறது. எந்தப் பதிப்பு வேண்டும் என்பதைத் தளத்தை நடத்துகிறவர் ஒப்பந்தத்தின்போது தேர்ந்தெடுக்கலாம், அந்த நாட்டின் விதி அனுமதித்தால். வேறு பெரிய தயாரிப்பாளர்கள் பலரும் இப்படித்தான் விற்கிறார்கள்.

96.21க்கும் 94.25க்கும் இடையில் இரண்டு கூட இல்லையே என்று தோன்றும். தம்பிக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் திரும்பி வருவதையல்ல, வராமல் போவதைப் பார்க்க வேண்டும். விளையாடுகிறவர் கொடுக்கும் விலை அதுதான். 100 பவுண் பந்தயத்துக்கு ஒன்றில் சராசரியாக 3.79 பவுண் போகிறது, மற்றதில் 5.75. விலை ஒன்றரை மடங்கு. ஐந்தாவது பதிப்பில் 15.82, நாலு மடங்குக்கும் மேல். என் கடைக்காரர் ஒருவர் ஒரே பெட்டி தேயிலையை ஒரு தட்டில் 3.79க்கும் இன்னொரு தட்டில் 5.75க்கும் வைத்து, விலைச்சீட்டைப் பெட்டிக்கு உள்ளே ஒட்டினால் யாராவது விடுவார்களா?

படங்களும் பரிசுப் பட்டியலும் மாறாமல் இந்த எண் மட்டும் எப்படி மாறும் என்பதுதான் தம்பியின் அடுத்த கேள்வி. ஒரு காகிதத்தில் கீறிக் காட்டினேன். மூன்று ரீல், அதாவது சுழலும் படப்பட்டைகள், ஒவ்வொன்றிலும் 20 படங்கள் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 8,000 சேர்க்கைகள். ஒவ்வொரு ரீலிலும் புத்தகப் படம் மூன்று இருந்தால், மூன்று புத்தகம் வரிசையாக விழும் சேர்க்கைகள் 27. அதற்குப் பரிசு பந்தயத்தின் 100 மடங்கு என்றால், இந்த ஒரு பரிசே ஆர்டிபியில் 33.75 சதவீதத்தைக் கொடுக்கும். இப்போது மூன்றாவது ரீலில் ஒரே ஒரு புத்தகத்தை எடுத்துவிட்டு, எதுவும் தராத ஒரு படத்தை வைக்கிறேன். 27 என்பது 18 ஆகிறது, 33.75 என்பது 22.5 ஆகிறது. பரிசுப் பட்டியலில் இப்போதும் 'மூன்று புத்தகம், 100 மடங்கு' என்றுதான் இருக்கும். அது பொய்யும் அல்ல. அது விழுகிற தடவைகள்தான் குறைந்துவிட்டன.

உண்மையான விளையாட்டுகளில் ரீல் நீளம், இலவசச் சுற்றுகள் எல்லாம் உண்டு, எனவே மாற்றத்தை இதைவிட நுணுக்கமாகச் செய்யலாம். அடிப்படை ஆனால் இதுதான். பரிசோதனைக்கூடம் ஒவ்வொரு பதிப்பையும் தனித்தனியாகச் சரிபார்க்கிறது, 94.25 பதிப்பும் தன் எண்ணுக்கு நேர்மையானதுதான். விளையாட்டு ஓடுவது தயாரிப்பாளரின் சேர்வரில், தளம் அதற்கு ஒரு யன்னலைத்தான் திறந்து விடுகிறது. இந்தத் தளத்துக்கு இந்தப் பதிப்பு என்பது அங்கே பதிவாகியிருக்கும். ஆகவே 'நான் வென்றதைப் பார்த்துவிட்டு இரவோடு இரவாக எனக்கு மட்டும் இறுக்கிவிட்டான்' என்று தம்பி சொன்னதை நான் ஏற்கவில்லை. அந்தத் தளத்தில் அந்த விளையாட்டைத் திறக்கும் எல்லோருக்கும் ஒரே இறுக்கம்தான்.

ஏன் குறைந்த பதிப்பை எடுக்கிறார்கள் என்றால், பேராசை என்று ஒரு சொல்லில் முடித்துவிட முடியாது. வரியைப் பாருங்கள். ஜெர்மனியில் 2021 ஜூலையிலிருந்து இணைய ஸ்லாட்டுகளுக்கு 5.3 சதவீத வரி. அது லாபத்தின் மீது அல்ல, போடும் பந்தயத்தின் மீது. கணக்கிடும் முறையால் 100 யூரோவுக்குச் சுமார் 5 யூரோ அரசுக்குப் போகும். 96.21 பதிப்பில் தளத்துக்கு நிற்பதே 3.79 யூரோ. ஒவ்வொரு 100க்கும் ஒரு யூரோவுக்கு மேல் கையிலிருந்து கட்ட வேண்டும். யார் நடத்தினாலும் அங்கே அந்தப் பதிப்பு கட்டுப்படியாகாது. அதே பெயர், அதே படத்துடன் கீழ்ப் பதிப்பைத்தான் வைக்க முடியும்.

இங்கே நம் வரி பந்தயத்தில் பரிசைக் கழித்த மிச்சத்தின் மீது. 2019 ஏப்ரலிலிருந்து 21 சதவீதமாக இருந்தது. 2025 நவம்பர் வரவு செலவுத் திட்டம் அதை 2026 ஏப்ரலிலிருந்து 40 ஆக்கியது. 3.79 பவுணில் 21 சதவீதம் போனால் தளத்துக்கு 2.99 மிஞ்சும், 40 போனால் 2.27. பழைய 2.99ஐ மறுபடி கையில் பார்க்க ஆர்டிபி சுமார் 95 ஆனால் போதும். ஆனால் 95 என்று ஒரு பதிப்பு இந்த விளையாட்டில் இல்லை. அடுத்த படி 94.25. அதில் 40 சதவீத வரி கட்டிய பிறகும் 3.45 நிற்கும், வரி ஏறுவதற்கு முன் நின்றதைவிட அதிகம். (ஆட்கள் அதே அளவு பந்தயம் போட்டால் என்று சேர்த்துக்கொள்ளுங்கள். 50 பவுணோடு வருகிறவரின் பணம் முன்பைவிடச் சீக்கிரம் தீரும், அவ்வளவுதான்.) யார் இப்படிச் செய்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. பதிப்புகள் படிக்கட்டுபோல இருப்பதால், இறங்குகிறவர் தேவைக்கு மேலேயே இறங்க நேர்கிறது என்கிறேன்.

சரி, விளையாடிப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாமே என்பார்கள். முடியாது. ஒரு மணி நேரத்தில் ஒரு பவுண் வீதம் 600 ஸ்பின் போடுகிறார் என்று எடுங்கள். முதல் பதிப்பில் சராசரி இழப்பு 22.74 பவுண், இரண்டாவதில் 34.50. வித்தியாசம் 12 பவுண் கூட இல்லை. இந்த வகை விளையாட்டில் அதிர்ஷ்டத்தின் ஆட்டம் பெரிது. ஒரு ஸ்பின்னின் திட்டவிலக்கம், அதாவது முடிவு சராசரியிலிருந்து வழக்கமாக விலகும் அளவு, பந்தயத்தின் எட்டு மடங்கு என்று ஒரு பேச்சுக்கு வைத்தால், 600 ஸ்பின்னின் முடிவு ஏறியோ இறங்கியோ 196 பவுண் அளவுக்குச் சாதாரணமாகவே ஆடும். 196க்குள் 12ஐ எங்கே தேடுவது? ஓரளவு உறுதியாகப் பிரித்தறிய ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்ட ஸ்பின்கள் வேண்டும். அதே வேகத்தில் 1,100 மணி நேரம். வீட்டையே விற்றுத்தான் அந்தப் பரிசோதனையைச் செய்ய வேண்டும்.

இது உங்களுக்கும் தெரியும். உரிமம் பெற்றவர்கள் ஒவ்வொரு விளையாட்டின் உண்மையான ஆர்டிபியைத் தொடர்ந்து கண்காணிக்க வேண்டும், ஏற்ற இறக்கத்துக்கு ஏற்ப எல்லை வைத்துப் பார்க்க வேண்டும் என்று நீங்களே வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறீர்கள். லட்சக்கணக்கான ஸ்பின்களின் பதிவு அவர்களிடம் இருக்கிறது. ஆடுகிறவரிடம் இருப்பது அந்தத் திரையில் எழுதியிருக்கும் ஒரு எண் மட்டும்.

அந்த எண்ணை எங்கே வைக்கிறார்கள் என்பதில்தான் என் மனக்குறை. வெல்லும் வாய்ப்பைப் பற்றிய தகவல் பணம் போடுவதற்கு முன் எளிதாகக் கிடைக்க வேண்டும் என்று உங்கள் தொழில்நுட்பத் தரவிதி சொல்கிறது. நடைமுறையில் 'எளிதாக' என்பது என்ன? விளையாட்டைத் திறந்து, மூலையிலுள்ள i அல்லது ? குறியை அழுத்தி, பரிசுப் பட்டியல், இலவசச் சுற்று விளக்கம், கோடுகளின் படம் எல்லாம் தாண்டி, சிறிய எழுத்தில் RTP என்று இருக்கும் வரிக்குப் போவது. தம்பிக்கு அது தெரியவந்தது தற்செயலாக. அதற்கு முன் அவன் ஒரு விமர்சனத் தளத்தைப் பார்த்திருக்கிறான்; அங்கே அந்த விளையாட்டுக்கு 96 சொச்சம் என்று போட்டிருந்தது. அதுவும் பொய்யல்ல, தயாரிப்பாளரின் மேல்பதிப்பு அதுதான். அப்படியான வெளித்தளங்களில் இருக்கும் இலவச டெமோவும் அந்த மேல்பதிப்பில் ஓடலாம். ஆக வெளியே பார்த்த எண் ஒன்று, உள்ளே ஆடிய எண் வேறு.

மதுக்கடைகளில் நிற்கும் பழைய பெட்டி இயந்திரங்களைப் போய்ப் பாருங்கள். சராசரியாகக் குறைந்தது இத்தனை சதவீதம் திரும்பும் என்று பெட்டியிலேயே எழுதியிருக்கும். காசு போடும் முன் கண்ணில் பட வாய்ப்புண்டு.

நான் கேட்பது இரண்டு. தளத்தின் பட்டியலில் விளையாட்டின் படம் தெரியும் இடத்திலேயே, பெயருக்குப் பக்கத்தில், அந்தத் தளத்தில் ஓடும் பதிப்பின் ஆர்டிபியையும் அந்த விளையாட்டுக்கு உள்ள மேல்பதிப்பின் ஆர்டிபியையும் காட்டச் சொல்லுங்கள். '94.25, மேல்பதிப்பு 96.21' என்று ஒரு வரி போதும். அடுத்தது, ஒரு தளம் பதிப்பை மாற்றினால் அதற்கு முன் அதை அங்கே ஆடியவர் மறுபடி திறக்கும்போது, முதல் ஸ்பின்னுக்கு முன் பழைய எண்ணையும் புதிய எண்ணையும் காட்டி, அவர் பார்த்தேன் என்று அழுத்திய பிறகே ஓட விடச் சொல்லுங்கள். எந்தப் பதிப்பு ஓடுகிறது என்பது சேர்வரில் ஏற்கெனவே பதிவாகியிருக்கும் தகவல், புதிதாக எதையும் கண்டுபிடிக்கத் தேவையில்லை.

குறைந்தபட்ச ஆர்டிபி ஒன்றை விதியுங்கள் என்று நான் கேட்கவில்லை. நெவாடாவில் 75 என்று ஒரு கீழ்வரம்பு உண்டு, நியூ ஜெர்சியில் 83. அப்படி வைத்தால் எல்லோரும் அதற்கு அருகே இறங்கி நிற்க ஒரு சாக்குக் கிடைக்குமோ என்ற பயம் எனக்கு உண்டு. விலையை ஒட்டுங்கள், அது போதும்.

தம்பி இப்போது 96 இருக்கும் தளத்துக்கு மாறிவிட்டான். அங்கேயும் தோற்பாய், கொஞ்சம் மெதுவாகத் தோற்பாய் என்று சொன்னேன். "தெரியும் அண்ணை" என்றான். நேற்று வந்து, அங்கேயும் விதிகள் பக்கத்தின் அடியை மறுபடி பார்க்க வேண்டுமா என்று கேட்டான். வாராவாரம் பார் என்றேன். அந்த வேலையை அவனிடமிருந்து எடுத்துவிடும்படிதான் உங்களைக் கேட்கிறேன்.

இப்படிக்கு,
ஈஸ்ட் ஹாமிலிருந்து ஒரு கணக்கர்